ஊர்ப்பெயர் இல்லாத பலகை

தம்பி சுஐப் சின்னசேலத்தில் திறந்த கிளைக்கு ‘நியூ ஜன்னத்’ என்றும், கரியாலூர்க் கிளைக்கு ‘ஜன்னத் ஹில்ஸ்’ என்றும் பெயர் வைத்திருந்தான். கள்ளக்குறிச்சியில் ஜன்னத் பேக்கரியைத் தொடங்கி இருபது வருடம் அடுப்பில் வெந்த தாஹிராவுக்கு வயிறு எரிந்தது. ‘நியூ’வைப் பார்த்தவர்கள் அவள் கடையைப் பழைய கடை என்றார்கள்.

“எல்லாத்துக்கும் ‘ஜன்னத் பேக்கரி’தான். கிளைன்னா கீழ சின்னதா ஊர் பேரு. மெயின் கடைக்கு ஊர் பேரே வேணாம்” என்றாள். சுஐப் மறுபேச்சில்லாமல் தலையாட்டினான்.

புதுப் பலகைகள் வந்தன. அவள் கடைக்கான பலகையின் அடியில் ‘கள்ளக்குறிச்சி’ என்றிருந்தது.

“இன்னாடா இது?”

“இப்ப சின்னசேலந்தாங்கா மெயின். வியாபாரம் அங்கதான் ஜாஸ்தி. நீ சொன்னபடிதான் எழுதிக்கினு வந்தேன்.”

ஏணியில் நின்று பலகையை மாட்டியவர், நேராக இருக்கிறதா என்று கேட்டார். தாஹிரா அண்ணாந்து பார்த்தாள். அவள் போட்ட சட்டத்தைப் போலவே, இம்மியும் கோணாமல் இருந்தது.