பச்சை பிரஸ்ஸின் தொண்டை

விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வந்த வேணி, திண்டிவனம் பட்டறைக்குள் நுழைந்ததும் தகடு அடிக்கும் பச்சை பிரஸ்ஸைத் தொட்டுப் பார்த்தாள். பாலிடெக்னிக் முடித்த கையோடு அவளும் கலைமதியும் சென்னையில் செகண்ட் ஹேண்டில் வாங்கி, லாரியில் கூடவே உட்கார்ந்து கொண்டுவந்த மிஷின். பச்சை பெயிண்ட் அடித்ததும் அவர்கள்தான். கல்யாணம் வேணியை விழுப்புரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. பட்டறை கலைமதியிடமே இருந்தது.

"இதப் பாருடி" என்றாள் கலைமதி. ஆங்கில எழுத்து 'சி' போல முன்பக்கம் திறந்த அந்த வார்ப்பிரும்புச் சட்டத்தின் உள்வளைவான தொண்டையில், தகட்டை வெட்டும் டை இருக்கும் பக்கத்து உள்விளிம்பில், மயிரிழை போல ஒரு கோடு. வேணி சிவப்புச் சாயத்தைப் பூசித் துடைத்து, வெள்ளைப் பொடியை அடித்தாள். கோடு சிவப்பாக ஊறி வெளியே வந்தது; விரிசலேதான்.

"கதவுக் கீல் ஆர்டருக்குக் கொஞ்சம் தடிமனான தகடு அடிச்சிக்கினு இருந்தோம். பின்பக்கம் ஒரு பட்டை வச்சு வெல்டு பண்ணிட்டா நிக்காதா?" என்றாள் கலைமதி.

"பின்பக்கம் எதுக்குடி? அடி விழும்போது மேல்தாடையும் கீழ்த்தாடையும் விலகப் பாக்குது. அந்த இழுப்பு தொண்டை முழுக்க இருக்கு. அடி விழுற எடம் தொண்டைக்கு முன்னால தள்ளி இருக்கறதால சட்டம் வளையவும் செய்யுது. வளைவு பின்பக்கத்த நசுக்குது, உள்பக்கத்த இழுக்குது. உள்பக்கத்துல ரெண்டு இழுப்பும் சேந்துடுது. வார்ப்பிரும்பு நசுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது."

"பரீட்சைக்கு நாமதான இதக் கணக்குப் போட்டோம்" என்று கலைமதி மெல்லச் சிரித்தாள். வேணிக்கும் அந்த ஹாஸ்டல் அறை, விடிய விடியப் பேசிய பேச்சு, எல்லாம் நெஞ்சில் வந்து நின்றன.

"அடிய கொறைச்சு ஓட்டலாமா?"

"கோடு வந்தப்புறம் கொறைஞ்ச அடியும் அந்த முனையிலதான் சேரும். பொன்னியக்கா கை உள்ள போய் வருது, கலை."

மிஷினில் வேலை செய்யும் பொன்னி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். கலைமதி ஸ்விட்சை அணைத்து, பெல்ட்டைக் கழற்றினாள். கீல் ஆர்டரைக் கிளியனூரில் வேறொரு பட்டறைக்குத் திருப்பிவிட்டாள். அன்று இருவரும் சாப்பிடவே இல்லை.

பிரஸ்ஸை உடைத்து எடுத்துப்போக இரும்புக்காரர் துரைக்கண்ணு வந்த நாளில் வேணி மறுபடி வந்தாள். தொண்டையில் சம்மட்டி விழுந்ததும் சட்டம் அந்தக் கோட்டிலேயே பிளந்தது. பிளந்த முகத்தில் உள்விளிம்பிலிருந்து பாதிக்கு மேல் எண்ணெய் ஊறிய கறுப்பு, பழைய விரிசல். மிச்சம் மட்டும் புது சாம்பல் நிறத்தில் பளிச்சென்றிருந்தது.

"இத்தனை நாளா இம்மாத்திரத்துலயாடி நின்னுக்கினு இருந்துச்சு?" என்றாள் கலைமதி. பொன்னி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லாரி கிளம்பியபோது, ஊர் எல்லைவரை பின்னாலேயே போகலாம் என்று கலைமதி ஸ்கூட்டரை எடுத்தாள். வேணி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.