பிள்ளையாருக்குப் பின்னால் இருக்கும் கதவு

என் சமையலறைச் சுவரை இந்த வருஷ மழைக்கு முன்பே மூன்று முறை உடைத்தாகிவிட்டது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் பெரிய குழாயைக் கட்டிடம் கட்டிய புண்ணியவான் எல்லோர் சமையலறைச் சுவருக்குள்ளும் புதைத்துப் பூசிவிட்டுப் போனான். மேல்மாடி ஸ்ரீநிவாசராகவன் சார் வீட்டிலும் அது இருக்கிறது, கீழ்வீட்டு ஜமால் பாய் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் ஒழுகுவது மட்டும் என் வீட்டில். அதுவும் சரியாக ஓவன் வைத்திருக்கும் மேடைக்கு மேலே.

அந்த ஓவன்தான் எனக்குச் சோறு. என் கணவர் டேனியல் மறைமலை நகர் கம்பெனியில் வேலை பார்க்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மகள் ஏஞ்சலின் காலேஜ் என் கேக்கில்தான் ஓடுகிறது. சேலையூர் கேம்ப் ரோட்டில் பாதிப் பள்ளிக்கூடத்து டீச்சர்களும் கிறிஸ்துமஸுக்கு என்னிடம்தான் ஆர்டர் கொடுப்பார்கள். சுவரை உடைத்தால் சிமெண்ட் தூசு. தூசு பறக்கும் இடத்தில் கேக் போட முடியுமா? போட்டால்தான் மனசாட்சி விடுமா?

இந்த வருஷம் நவம்பர் மழையில் சுவர் மறுபடி ஊறியது. நான் கத்திய கத்தலில்தான் அசோசியேஷன் தலைவர் ஸ்ரீநிவாசராகவன் சார் ஒரு இன்ஜினியரை வரவழைத்தார். பெயர் டெனிஸ். அமைதியான ஆள். தட்டிப் பார்த்தார், குழாயில் ஒரு துண்டை அறுத்து எடுத்தார். உள்ளே துரு அடை அடையாய்ப் படிந்து, என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் ஓட்டை மிச்சம். காலையில் முதல் பக்கெட் தண்ணீர் ஏன் டீ டிக்காஷன் மாதிரி வருகிறதென்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்கில் நாற்காலி போட்டுக் கூட்டம். டெனிஸ் அறிக்கையை எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிட்டு விளக்கினார்.

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஒழுகுற துண்டை மட்டும் மாத்தறது. ஆனா இந்த ஜிஐ இரும்பு பைப்போட மரை எல்லாம் துருப்பிடிச்சு இத்துப் போச்சு. போர் தண்ணியில உப்பு ஜாஸ்தி. ஒரு ஜாயின்ட்டை ரெஞ்ச் போட்டுத் திருகினா அந்த முறுக்கு அடுத்த ஜாயின்ட்டுக்குப் போகும், அது விட்டுக்கும். இவங்க வீட்லயே திரும்பத் திரும்ப ஒழுகுதே, காரணம் அதுதான். ஒவ்வொரு ரிப்பேரும் அடுத்த ஒழுகலைக் கொண்டு வந்திருக்கு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று முறை பிளம்பருக்கு நானே காபி போட்டுக் கொடுத்து என் சுவரை நானே கெடுத்திருக்கிறேன்!

"உள்பக்கம் பூச்சு அடிச்சு விட முடியாதா?" என்றார் ஜமால் பாய்.

"மரையே போனதுக்கு அப்புறம் பூச்சு நிக்காதுங்க. ரெண்டாவது வழி, பழைய குழாயை அடைச்சு சுவருக்குள்ளயே விட்டுட்டு, பின்னாடி குழாய்க்குன்னு சந்து மாதிரி விட்டிருக்கற டக்ட்ல புதுசா சிபிவிசி பிளாஸ்டிக் லைன் இறக்கறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வால்வு. சுவர்ல ஒரு ஓட்டை போட்டா போதும், ஒரே நாள் வேலை. என் சிபாரிசு இதுதான்."

எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது. அப்போது அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஆனா டக்டுக்குள்ள சாரம் கட்டணும்னா கீழ இருக்கற இரும்புக் கதவு வழியாத்தான் போகணும். அதுக்கு முன்னாடி ஒரு... அமைப்பு இருக்கு."

அமைப்பு! அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருந்தார். அது எங்கள் குடியிருப்புப் பிள்ளையார். எதிர்வீட்டு சுகுமார் முன்னின்று, அந்தக் கதவை ஒட்டி மேடை எழுப்பி, டைல்ஸ் ஒட்டி, கம்பிக்கதவு போட்டு வைத்தது. அந்தக் கதவு எதற்கென்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. சதுர்த்திக்கு ஜமால் பாயும் பணம் கொடுப்பார். நான் கொழுக்கட்டை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

"மேலேருந்து கயித்துல ஆளை இறக்கினா?" என்று சுகுமார் கேட்டார்.

"அதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

"பக்கத்துச் சுவரை உடைச்சு வழி பண்ணினா?"

"அது பாரம் தாங்கற சுவர். தொடக்கூடாது."

சுகுமார் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "அப்போ பிள்ளையாரை நகர்த்தணும்னு யார் சொல்றது?" என்றார்.

ஜமால் பாய் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். டெனிஸ் அறிக்கையை மடித்தார். பாவம், கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட மனிதர், அவர் என்ன சொல்வார்? ஒழுகுவது யார் வீட்டில் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லார் கண்ணும் மெதுவாக என்மேல் வந்து நின்றது. தொண்டை வரைக்கும் வந்தது. நகர்த்துங்க, என் அடுப்பைக் காப்பாத்துங்க. ஆனால் ஜெயசீலி என்ற பெயரை வைத்துக்கொண்டு, அந்த வார்த்தையை அந்த இடத்தில் எப்படிச் சொல்வேன்? நாளைக்கு மாடிப்படியில் யார் முகத்தில் விழிப்பேன்?

"ரிப்பேரே பண்ணிக்கலாம்," என்று நானே முதலில் கையைத் தூக்கினேன். உடனே எல்லாக் கையும் உயர்ந்தது. அவ்வளவு வேகமாக எங்கள் குடியிருப்பில் எந்தத் தீர்மானமும் நிறைவேறியதில்லை.

டிசம்பர் முதல் வாரம் பிளம்பர் வந்து சுவரை உடைத்தார். ஓவனைப் பழைய போர்வையால் சுற்றிக் கட்டினேன். மாடியில் வால்வை அடைத்துவிட்டுத் துண்டை மாற்றினார். ரெஞ்சைப் போட்டு அவர் முக்கி முறுக்கும்போது சுவருக்குள் எங்கேயோ கிறீச்சென்றது.

வால்வைத் திறந்தார்கள். புதுத் துண்டு சொட்டவில்லை. அதற்கு ஒரு முழம் மேலே பூச்சு கருத்து, நனைந்து, தண்ணீர் கோடாக இறங்கியது.

"இன்னா மேடம் இது, மேலயும் பூட்ச்சே," என்றார் பிளம்பர்.

சத்தம் கேட்டு ஸ்ரீநிவாசராகவன் சார் இறங்கி வந்தார். சுகுமாரும் பின்னாலேயே வந்தார். சார் சுவரைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"புதுசா மாத்தியிருக்கணும்மா. அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சார் சும்மா இருந்தீங்க? நீங்க தலைவர்தானே!"

"நான் ஐயங்கார். நான் போய்ப் பிள்ளையாரை நகர்த்துங்கோன்னா, நன்னா இருக்குமா? நீங்க சொல்லுவேள்னு இருந்தேன். நீங்களே ரிப்பேருக்குக் கை தூக்கிட்டேள்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுகுமார் பக்கம் திரும்பினேன். "நீங்க?"

"பாலாலயம் பண்ணி பிள்ளையாரைக் கொஞ்ச நாள் வேற இடத்துல வெச்சா முடிஞ்சு போச்சுக்கா. கோயில்லயே செய்றாங்க. நான் முடியாதுன்னா சொன்னேன்? யார் சொல்றதுன்னு தானே கேட்டேன். கட்டினவனே இடிக்கச் சொன்னான்னு நாளைக்கு என் வீட்லயே பேசுவாங்க. வேற யாராவது ஒருத்தர் சொல்லட்டும்."

"நான் சொல்றேன்!" என்று கத்தியே விட்டேன். "இப்பவே கூட்டம் கூட்டுங்க, நான் சொல்றேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகுமார்தான் தணிந்த குரலில், உண்மையான அக்கறையோடு சொன்னார்.

"வேணாங்க்கா. நீங்க சொன்னா நல்லா இருக்காது."

சார் ஆமென்று தலையாட்டினார். தண்ணீர் போர்வை மேல் சொட்டிக்கொண்டிருந்தது. ஓவனை இழுக்கப் போனால், இழுத்து வைக்க வேறு இடம் இல்லை.

பிளம்பர் உளியை எடுத்துக்கொண்டு நின்றார். "இப்போ எங்க தொறக்கறது, சொல்லுங்க."

இரண்டு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். மேலே, இங்கேதான் என்று என் சுவரைக் காட்டினேன்.