தேடி வந்த பெயர்

ஆரணியில் மற்ற பட்டுக்கடைக்காரர்கள் வாசலில் நின்று ஆள் பிடித்துக்கொண்டிருந்த 2009இல், சந்திரமோகன் மட்டும் யூடியூபில் வீடியோ போட்டு ஆள் பிடித்தான். அவன் கடையில் புடவைக்குக் குச்சு கட்டுபவள் சூர்யகலா. சேத்துப்பட்டில் புருஷனிடம் சூடுபட்டு ஓடி வந்தவள். இடது கையில் தழும்பு இருந்தது.

குச்சு கட்டுவதைப் படம் பிடிக்கலாமா என்று கேட்டபோது அவள் பயந்தாள்.

"மூஞ்சி வேணாம்ணா, பேரும் வேணாம். கைய மட்டும் எடுத்துக்கோங்க. அந்தாளு என்னைத் தேடிகினு கீறான்."

"உன் பேரு எங்கம்மா வரப்போவுது" என்று வாக்குக் கொடுத்தான்.

வீடியோ முதலில் நன்றாக ஓடியது. பிறகு சீந்துவாரில்லாமல் கிடந்தது. எந்தச் சொல்லைத் தேடி வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள் என்று யூடியூபே ஒரு பட்டியல் காட்டும். சந்திரமோகன் தினமும் அதைத் திறந்து பார்த்தான். 'புடவை குச்சு' என்று தேடியவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அடியில் ஒரு சொல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது: ஆங்கில எழுத்தில் 'சூர்யகலா புடவை குச்சு'. வீடியோவில் அவள் பெயரே இல்லை. மற்ற இரண்டு சொற்களும் பொருந்தியதால் யூடியூப் இதைக் காட்டியிருந்தது.

அவள் கைவேலையைக் கேள்விப்பட்டு யாரோ வாடிக்கையாளர்கள் தேடுகிறார்கள் என்று அவன் முடிவு கட்டினான். வேறு யார் தேடுவார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். ஆசை யோசிக்க விடாது. ஜனங்கள் தேடும் சொல்லைத் தலைப்பில் வை என்பதுதானே இந்தத் தொழிலின் பாலபாடம். தலைப்பிலும் குறிச்சொற்களிலும் அவள் பெயரைச் சேர்த்தான். விவரத்தில் கடை விலாசத்தையும் போட்டான். அவளிடம் சொல்லவில்லை. ஊரில் எத்தனையோ சூர்யகலா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

பார்வைகள் மெல்ல ஏறின. அந்த வாரமே ஒருவன் கடைக்கு வந்தான். சலவைச் சட்டை, பணிவான பேச்சு.

"வீடியோ பார்த்தேங்க. போன வருஷமே பார்த்தேன், கை நம்ம வூட்டுக்காரியோடதுன்னு தோணுச்சி. எந்த ஊருன்னுதான் தெரியல. இப்ப நீங்களே பேரும் விலாசமும் போட்டுட்டீங்க. ரொம்ப உபகாரம்."

பின்கட்டில் நூல்கண்டு உருண்ட சத்தம் கேட்டது. வந்தவன் அந்தப் பக்கம் போனான். சந்திரமோகன் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம் என்று பக்கத்துக் கடைக்காரர்களும் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். புருஷன் அவளுடைய தழும்புக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தான். அவள் வாசலில் நின்று சந்திரமோகனைப் பார்த்தாள்.

"பேரு வேணான்னு சொன்னேனேண்ணா."

சேத்துப்பட்டு பஸ் புறப்பட்டுப் போன பிறகுதான் சந்திரமோகன் எழுந்தான். ஓடிப்போய்ப் பெயரை நீக்கினான், விலாசத்தை நீக்கினான். வீடியோவை மட்டும் எடுக்க மனம் வரவில்லை. வெட்கக்கேடு, அதற்குப் பிறகும் பட்டியலைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவள் போன நாளிலிருந்து அந்தச் சொல்லைத் தேடி ஒருவர்கூட வந்திருக்கவில்லை. ஒரு வருடமாக விடாமல் தேடியது ஒரே ஒரு ஆள்தான்.