சாம்பல் பின்னணி

ஒன்பது வருஷ அனுபவத் தெம்பில் இருந்த புதிய பட ஆசிரியை, தனக்கு முன் அந்த வேலையை விட்டுப் போனவர் எழுதிவைத்த குறிப்பை, வார இதழின் பக்கத்தை அச்சகத்துக்கு அனுப்பிய பிறகுதான் பிரித்தாள்.

"மூன்றாம் ஃபோல்டரில் போடும் முகப்படத்துக்குக் கணினியில் முன்பே அமைத்துவைத்த பிரீசெட் தானாகச் சாம்பல் பின்னணி வைக்கும். அது இறந்தவர்களுக்கு மட்டும். இருப்பவர்களுக்கு இரண்டாம் ஃபோல்டர், வெள்ளைப் பின்னணி. வாசகர்களுக்கு இது பழகிய அடையாளம்."

அனுப்பிய பக்கத்தைத் திரையில் மறுபடி திறந்தாள். அது முதலாளியின் அப்பாவுடைய எண்பதாம் பிறந்தநாள் பக்கம். சாம்பல் எடுப்பாக இருக்கிறதென்று அந்தப் படத்தை மூன்றில் போட்டது அவள்தான்.

அச்சகத்துக்குப் போன் போட்டாள்.

"பிளேட் மாட்டியாச்சும்மா. பத்து நிமிஷத்துல மிஷின் ஓடும். நிறுத்தணும்னா முதலாளி சொல்லணும்," என்றார் ஃபோர்மேன்.

முதலாளியின் அறைக்குள் போய், சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவர் முகம் இறுகியது.

"நாளைக்கு எங்க வீட்டு வாசல்ல மாலையோட கூட்டம் நிக்கும். கதவத் திறக்கப்போறது எங்கப்பா."

"தப்பு என்னோடதுதான் சார். குறிப்பப் படிக்கல."

"குறிப்பு எழுதினவர் வேலைய விட்டுப் போய் ஒரு வாரம் ஆச்சு. நேரமில்லையா, மனசில்லையா?"

"மனசில்ல சார்."

அவர் போனை எடுத்தார். "மிஷின நிறுத்துப்பா. புதுப் பக்கம் வருது."

பிறகு அவள் பக்கம் திரும்பினார். "போய் மாத்து. படம் எப்படி வந்திருக்குன்னு அப்பா ரெண்டு தடவ கேட்டுட்டார்."