புருவத்தின் இடைவெளி

ஆலங்குடாக் கடற்கரையில் டட்டூ குத்தும் றெஜி, மனுவேலிடம் ஒன்றைத்தான் கேட்டிருந்தான்.

"போட்டோவ அப்பிடியே குத்த ஏலாது மாமா. கோட்டுப் படமா மாத்திக் கொண்டு வாங்க. அத வச்சுக் கதைப்பம்."

அதனால்தான் மனுவேல் கற்பிட்டியில் அஸ்மினின் போட்டோக் கடையில் உட்கார்ந்திருந்தார். டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிப்போவது அவர் தொழில். காற்றுக் காலம் தொடங்கிப் படகு கரையில் கிடந்தது. மனைவி றோசமேரி காய்ச்சலில் போய் எட்டு மாதம். அவள் முகத்தை நெஞ்சில் குத்திக்கொள்ள வேண்டும். மற்றப் படங்களெல்லாம் கைபேசியோடு கடலில் விழுந்துவிட்டன. மிஞ்சியது, மரண பேனருக்காக அஸ்மின் செய்த படம் மட்டும்.

"எங்கட மார்க்கத்துல பச்ச குத்துறது கூடாதண்ணன்," என்றான் அஸ்மின்.

"உன்ர நெஞ்சிலயா குத்தப் போறன்? கீறித் தா."

அஸ்மின் சிரித்துக்கொண்டு படத்தைக் கணினியில் திறந்தான். நிறத்தை எடுத்தான். சாம்பல் எல்லாம் ஒன்று வெள்ளையாக, இல்லாவிட்டால் கறுப்பாகப் போகும்வரை கொன்ட்ராஸ்ட்டைக் கூட்டினான். பாதி முகம் கரைந்தது.

"மெசின் இவ்வளவுதான் செய்யும். மிச்சம் கையால."

திரையில் படத்தின் மேலே வெறும் படலம் ஒன்றை வைத்து, கணினிப் பேனாவால் கீறத் தொடங்கினான். மேல் இமை. மூக்குத் துளைகளின் நிழல். உதடுகள் சேரும் கோடு. புருவத்தைச் சின்னச் சின்ன மயிர்க்கோடுகளாக. கன்னத்தைத் தொடவில்லை.

"கன்னத்துல கோடு போட்டா கெழவியாயிருவாங்க."

முடிந்ததும் அடியிலிருந்த போட்டோவை மறைத்தான். வெள்ளையில் கோடுகள் மட்டும் நின்றன. மனுவேல் நெடுநேரம் பார்த்தார். வடிவான பெண்தான்.

"இது ஆர்?"

"ஒங்கட வீட்டுக்காரிதான். பகிடி பண்றீங்களா?"

"இது அவள் இல்ல."

அஸ்மின் போட்டோவைக் காட்டினான், மறைத்தான், மறுபடி காட்டினான். கோடுகள் அச்சொட்டாக உட்கார்ந்திருந்தன. "கண் சரி. மூக்கு சரி. வாய்..." இடது புருவத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"அண்ணன், நீங்கதானே அண்டைக்கு அத எடுக்கச் சொன்னது?"

ஓம். அவர்தான் சொன்னார். பிரேதம் வீட்டில் கிடந்தது. றோசமேரியின் அண்ணன்மார் சிலாபத்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். பேனர் தெருவொழுங்கை முகப்பில் தொங்கும்; எல்லாரும் நின்று பார்ப்பார்கள். 'அந்த வடுவ எடுத்துவிடு தம்பி' என்று மனுவேல் சொல்ல, அஸ்மின் ஏன் என்று கேட்கவில்லை. வலது புருவத்து மயிரை எடுத்து இடதில் ஒட்டினான். படகு விளிம்பில் இடிபட்டது என்று பதின்மூன்று வருடம் அவள் அண்ணன்மாருக்குச் சொல்லிவந்தாள். எவர்சில்வர் குவளையை எறிந்தவனுக்கு அது எதில் பட்டதென்று தெரியும். அன்று பேனரைப் பார்த்தபோது மனுவேலுக்கு ஒரு பாரம் இறங்கியதுபோல் இருந்தது.

"பழைய படம் கிடக்கா?"

"இல்லண்ணன். அதுக்கு மேலேயே சேவ் பண்ணிட்டன்." அஸ்மின் பேனாவை மறுபடி எடுத்தான். "எந்த எடத்துல இருந்திச்சு?"

மனுவேல் யோசிக்கவில்லை. திரையில் விரலை வைத்தார். "இந்த இடம். வால் பக்கம். மேலயிருந்து சரிஞ்சு வரும்."

அஸ்மின் மூன்று மயிர்க்கோடுகளை அழித்தான்.

திரையில் றோசமேரி வந்துவிட்டாள். மனுவேல் முகத்தைத் திருப்பிப் பிரின்டரைப் பார்த்தார்.

மறுநாள் றெஜி தாளை மனுவேலின் நெஞ்சில் வைத்து அளவு பார்த்தான்.

"உள்ளங்கையளவுக்குக் குறையக் கூடாது மாமா. குறைஞ்சா கண்ணுக்குள்ள மை அடைச்சிரும்." பிறகு தாளை வெளிச்சத்தில் பிடித்தான். "இதென்ன, புருவம் வெட்டுப்பட்டிருக்கு? பிரின்ட் பிழையோ? சேத்துவிடவா?"

"வேணாம். அது அவளுக்கு இருந்தது."

"எப்பிடி வந்தது?"

'படகு விளிம்பு' என்ற சொல் வாய்வரை வந்தது. அவள் சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்ட பொய். வாயைத் திறந்தால் அதுவே வந்துவிடும்.

"நான் எறிஞ்சது," என்றார் மனுவேல்.

றெஜி அவரைப் பார்க்கவில்லை. தாளின் மேல் மெல்லிய தாளொன்றைப் பரப்பிப் பென்சிலை எடுத்தான்.

"மை தோலுக்குள்ள பரவும் மாமா. இவ்வளவு சின்ன இடைவெளி பத்து வருசத்துல மூடிரும். பிறகு ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப அகலமாக்கு."

"உள்ளதைவிடப் பெருசாத் தெரியுமே?"

"தெரியட்டும்."

றெஜி புருவத்தை மறுபடி கீறிக்கொண்டு வந்தான். வால் பக்கத்தில் பென்சிலைத் தூக்கி, நன்றாகத் தள்ளி வைத்தான். மனுவேல் அந்த வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.