ஐந்தாவது கம்பி

நாலு என்றால் நாலு. வரைபடத்தில் நாலு போட்டிருக்கிறேன், கம்பி அட்டவணையில் நாலு எழுதியிருக்கிறேன். கான்கிரீட் போட நாள் குறித்த காலையில் சாரத்தின் மேல் ஏறி, உத்திரம் வார்க்க அடித்த பலகைக்குள் எட்டிப் பார்த்தால் ஐந்து கம்பி கிடக்கிறது. ஐந்தாவதற்கு மஞ்சள் பூசி, மூன்று இடத்தில் குங்குமமும் வைத்திருந்தது.

"கண்ணுச்சாமி!" என்று கத்தினேன். மகால் பக்கத்துப் புறாவெல்லாம் பறந்திருக்கும்.

கம்பி கட்டும் கண்ணுச்சாமி கீழே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். "அது அந்தம்மா கம்பிங்கய்யா," என்றான், அந்தம்மா யார் என்று எனக்குத் தெரியாதது போல.

தெரியும். நூல் வியாபாரி ஹரிராமின் அக்கா சாரதாம்பாள். இந்தக் கட்டடமே அந்த அம்மாளுக்காகத்தான். ஹரிராம் ஊரில் சொல்வது வேறு: கீழே கூடம், மேலே நூல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி, வியாபாரத்துக்காக என்பார். என்னிடம் மட்டும் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிட்டார். தாயில்லாத அவர் மகளை வளர்த்ததெல்லாம் அக்காதான். தைமாதம் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம். அக்கா சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர். முகூர்த்த நேரத்தில் மணவறைப் பக்கம் வரமாட்டார், கடைசிச் சுவரோரமாகத்தான் நிற்பார். யார் கூப்பிட்டாலும் வரமாட்டார், கூப்பிடுகிறவர்களும் இல்லை. பழைய வீட்டுக் கூடத்தில் நட்டநடுவில் ஒரு கல்தூண். சுவரோரமாக நின்றால் தூண்தான் தெரியும்.

"என் கல்யாணத்துல எங்கக்கா தூணத்தான் சார் பார்த்துச்சு," என்றார் ஹரிராம். "எம்மக கல்யாணத்துல தாலி கட்டுறதப் பார்க்கணும். நடுவுல தூண் வரக்கூடாது. அம்புட்டுத்தான்."

அதற்காக வரைந்த உத்திரம் இது. சுவருக்குச் சுவர் பதினெட்டு அடி, நடுவில் ஒன்றும் கிடையாது. அகலம் பத்து அங்குலம். அடியில் ஓர் அங்குலக் கம்பி நாலு. ஓரத்துக் கம்பிகள் இரண்டும் நேராகப் போகும். நடுக்கம்பிகள் இரண்டும் சுவர் நெருங்கும்போது சாய்வாக வளைந்து மேலே ஏறும். மேலே அரை அங்குலத்தில் இரண்டு, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களைத் தாங்கிப் பிடிக்க. எல்லாக் கம்பிக்கும் முனையில் கொக்கி. வழவழப்பான உருட்டுக் கம்பி, கொக்கி இல்லாவிட்டால் கான்கிரீட்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். கொக்கிக்கு எவ்வளவு, வளைவுக்கு எவ்வளவு என்று கூட்டித்தான் அட்டவணையில் வெட்டும் நீளம் எழுதுவேன். நேர்க்கம்பி இருபது அடி ஒன்பது அங்குலம். எங்கள் இன்ஜினீயர் சிவசங்கரன் அதைப் பார்த்து மூன்று நாள் குறை கண்டுபிடிக்கப் பார்த்தார். கிடைக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஹரிராம் வந்து சேர்ந்தார். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது.

"ஒத்தப்படையா இருக்கணும்னு அக்கா சொல்லிருச்சு சார். உத்திரம் ஒத்தப்படையாத்தான் போடுறது வழக்கம். நாலுன்னு கேட்டதும் ராத்திரியெல்லாம் தூங்கல. தன் கைக்காசப் போட்டுக் கம்பி வாங்கிப் பூஜையில வெச்சுச்சு."

"இருபத்தோரடிக் கம்பி பூஜை அறையில எப்படிங்க நிக்கும்?"

"நிக்கல. பூஜை ரூம்ல தலை, அடுப்படியில கால். நாலு நாள் நாங்க தாண்டித்தான் சோறு சாப்பிட்டோம்."

நீளத்தை அட்டவணையைப் பார்த்துச் சரியாக வாங்கியிருக்கிறார்கள். கொக்கிகூட அளவு பிசகாமல் வளைந்திருந்தது. கோபத்திலும் அதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

"எடுக்கணும்," என்றேன்.

"இரும்பு கூடினா பலம்தானே சார் கூடும்?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் மதுரையில் இல்லை. முக்கால் அங்குல ஜல்லி ஒன்றை எடுத்து இரண்டு கம்பிக்கு நடுவே வைத்தேன். பல்லிடுக்கில் பாக்கு மாதிரி மேலேயே நின்றது.

"பாருங்க. நாலு கம்பி இருந்தா ஒவ்வொரு சந்தும் ஓர் அங்குலம். ஜல்லி விழும். அஞ்சு இருந்தா சந்து அரை அங்குலம். ஜல்லி மேலேயே நிக்கும், சாந்துத் தண்ணிதான் அடியில போகும். பலகையப் பிரிச்சா அடிவயிறெல்லாம் தேன்கூடா இருக்கும். கம்பியப் பிடிச்சுக்க அங்க கான்கிரீட்டே இருக்காது."

"ஜல்லியச் சின்னதா உடைச்சுக்கலாமே?"

"எல்லாத்தையும் முக்கால் அங்குலத்துல உடைச்சுக் குவிச்சாச்சு, திரும்ப உடைக்க நேரம் ஏது? இன்னிக்குத்தானே முகூர்த்தம் பார்த்தீங்க?"

"வளையத்தை அகலமா வளைச்சு, ஓரத்துக் கம்பிகளப் பலகையோரமாத் தள்ளிட்டா?"

மனிதர் நூல் வியாபாரத்துக்கு வந்திருக்கக்கூடாது. ஆனாலும் எரிச்சலாக இருந்தது. "ஓரத்துக் கம்பிக்கும் பலகைக்கும் நடுவுல ஒன்றரை அங்குலம் விட்டிருக்கேன். அது கம்பிக்குப் போர்வை. அது இல்லேன்னா ஈரம் ஏறும், துருப்பிடிச்சு ஊதும், கான்கிரீட் பொத்துப் பொத்து விழும். உங்க பேரன் தலையில விழும்."

பேரன் என்றதும் அடங்கினார்.

"அப்படியே போட்டு, தேன்கூடு விழுந்துட்டா?"

"இடிக்கணும். இடிச்சா தைமாதத்துக்குள்ள திரும்ப இம்புட்டுப் பெரிய உத்திரம் வார்த்துப் பதம் வர நேரமில்லை. நடுவுல தூண் வெச்சு ரெண்டு சின்ன உத்திரமாத்தான் போடணும்னு இன்ஜினீயர் சொல்வார்."

ஹரிராம் சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அய்யய்யோ," என்றார். பிறகு, "நான் அக்காகிட்டப் பேசமாட்டேன் சார். நீங்க பேசுங்க," என்றார்.

பேசினேன். சாரதாம்பாள் அடுத்த சந்திலிருந்த பழைய வீட்டில், அந்தக் கல்தூணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டார். ஜல்லி, சந்து, தேன்கூடு, தூண் எல்லாவற்றையும் சொன்னேன். சத்தம் போடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போயும் பாதியில் குரல் ஏறிவிட்டது.

முறம் நின்றது.

"நான் போட்ட கம்பியால தூண் வந்துருமா?"

"வந்துரும்மா."

"அப்ப எடுத்துருங்க." உடனே சொல்லிவிட்டார். நான் தயார்செய்து வைத்திருந்த மீதி வாதமெல்லாம் வீண். ஆனால் அவர் முறத்தைத் திரும்ப எடுக்கவில்லை. அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தொட்டதாச்சே. எடுத்துத்தான் ஆகணும். அந்தப் புள்ளைக்கு என் கையால ஒண்ணு இருக்கட்டும்னு நெனச்சது என் தப்புதான்."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. வரைபடத்தைத் தரையில் விரித்தேன்.

"இங்க பாருங்கம்மா. அடியில நாலு, மேல ரெண்டு, மொத்தம் ஆறு. உத்திரமும் மேல்தளமும் ஒரே வார்ப்பு. உத்திரத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கிற தளத்தையும் அதோட தலைன்னுதான் நாங்க கணக்குப் போடுறோம். அங்க எம்புட்டோ இடம் இருக்கு. உங்க கம்பிய உத்திரத்தை ஒட்டித் தளத்துக்குள்ள போடுறேன். ஜல்லிக்கு இடைஞ்சல் இல்லை. மொத்தம் ஏழு. ஒத்தப்படை."

விரலால் எண்ணிப் பார்த்தார். இரண்டு தடவை.

"அங்க அதுக்கு என்ன வேலை?"

பொய் சொல்ல வரவில்லை. "பெருசா ஒண்ணும் இல்லம்மா. பாரமெல்லாம் அடியில இருக்கிற நாலு இழுத்துக்கும். இது ஓரமா, கூடவே கிடக்கும்."

"அது போதும்," என்றார். "ஓரமாக் கிடக்குறது எனக்குப் பழக்கந்தான்."

நான் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வெயில் ஏறுவதற்குள் கண்ணுச்சாமி முணுமுணுத்துக்கொண்டே ஐந்தாவதை அவிழ்த்து மேலே ஏற்றினான். கான்கிரீட் ஒட்ட வேண்டுமென்று மஞ்சளைச் சாக்குத்துணியால் துடைக்கச் சொன்னேன். துடைத்தான். கொக்கியின் உள்பக்கம் மட்டும் மஞ்சளைக் கொஞ்சம் விட்டிருந்தான். நானும் பார்த்தேன், சொல்லவில்லை. அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்த்தேன்: ஒன்று, நேர்க்கம்பி, ஓர் அங்குலம், இருபது அடி ஒன்பது அங்குலம். எதற்கு என்று சிவசங்கரன் கேட்டார். தளத்துக்கு நல்லது என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், கையெழுத்தும் போட்டார்.

உத்திரத்துக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுக்கம்புகளைப் பிரித்துப் பலகையை இறக்கிய அன்று நான் அடிவயிற்றைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு குழி இல்லை. ஹரிராமும் தடவினார். கண்ணுச்சாமி தன் வீட்டு மாட்டைத் தடவுகிற மாதிரி தடவினான்.

கல்யாணத்தன்று விடிந்ததும் போனேன். கூடம் விரிந்து கிடந்தது. கடைசிச் சுவரோரமாக வெள்ளைச் சேலையில் சாரதாம்பாள் வந்து நின்றாயிற்று. அப்போதுதான் பூக்கட்டுகிற சின்னச்சாமி வாழைமரம் சுற்றிய பருத்த மூங்கில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, கூடத்து நடுவில், உத்திரத்துக்கு நேர் கீழே முட்டுக்கொடுத்து நிறுத்தினான்.

"என்னய்யா இது?"

"நடுவுல ஒரு கால் குடுத்தாத்தான் அண்ணே பூச்சரம் நாலு பக்கமும் இழுத்துக் கட்டலாம். மாப்ள வீட்டுக்காரவுக கேட்டாக. அழகா இருக்கும்."

"எடுய்யா அதை!"

நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் திரும்பிப் பார்த்தார். நான் அவருக்கும் சேர்த்தே கத்தினேன். "இந்த உத்திரம் சுவருக்குச் சுவர் நிக்கணும்னு வரைஞ்சது. நடுவுல கால் குடுத்தா அந்த இடத்துல இழுப்பு மேல்பக்கம் போயிரும். பெரிய கம்பி நாலும் அடியில கிடக்கு, மேல அரை அங்குலத்துல ரெண்டுதான். மேல நூல் மூட்டை ஏறினா உத்திரம் முதுகுல வெடிக்கும். நான் பொறுப்பில்ல!"

சொன்னது அத்தனையும் சாஸ்திரப்படி சரி. கல்தூணாக இருந்தால். மூங்கில் வளைந்து கொடுக்கும், ஒன்றும் ஆகாது. அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கல்யாண வீட்டில் வெடிக்கும் என்ற சொல்லைக் கேட்ட மாப்பிள்ளை வீட்டார் தாங்களே ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூங்கிலை வெளியே கொண்டுபோனார்கள்.

நான் மூச்சு வாங்கக் கடைசிச் சுவரோரமாக வந்து நின்றேன். பக்கத்தில் சாரதாம்பாள்.

"என் கம்பி எதுங்க?" என்று மெல்லக் கேட்டார். "எந்தப் பக்கம்?"

மேளம் அவசரமாகக் கொட்ட ஆரம்பித்தது.

"அது எங்கயும் போகாது, அப்புறம் காட்டுறேன். இப்ப முன்னாடி பாருங்கம்மா!" என்றேன்.

பார்த்தார். மணவறை வரைக்கும் குறுக்கே ஒன்றும் இல்லை. தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணைக்கூட இமைக்காமல் பார்த்தார்.

அட்சதை போட எல்லாரும் கை தூக்கினார்கள். நான் தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.