பின்னால் ஒன்றுமில்லை

எட்சன் குவைத்திலிருந்து தினமும் போன் பண்ணுவான். ஆனால் அவன் பேசுவது பெண்டாட்டியிடம் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். போன் முதலில் அவன் அம்மா லீலாபாயின் கைக்குத்தான் போகும். முட்டுவலி, சபைக்கு வந்த புதுப் போதகர், பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் ஏறியது, ரப்பர் ஷீட் விலை இறங்கியது என்று எல்லாம் ஒப்பித்து முடித்துவிட்டு, ஆறிப்போன காப்பியைத் தள்ளிவைப்பதுபோல் மருமகள் பக்கம் நீட்டுவாள். அதற்குள் எட்சனுக்குக் கண் சொக்கியிருக்கும்.

"சாப்பிட்டியா? செரி, வைக்கட்டா?"

இவ்வளவுதான் பிளஸ்ஸியின் பங்கு. கல்யாணமாகி அவனோடு இருந்தது இரண்டு லீவு. லீலாபாய் கெட்டவள் இல்லை. ஆனால் மருமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் அன்றைக்கு முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அதற்குப் பயந்து பிளஸ்ஸியும் முற்றத்திலேயே நின்று "ம்" கொட்டுவாள். சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லாமலே விட்டுவிடுவாள்.

போன லீவில் எட்சன் ஒரு கார் வாங்கினான். பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஓட்டவும் கற்றுக்கொடுத்தான். குவைத்தில் அவன் ஒரு ஒர்க்ஷாப்பில் கார் எலக்ட்ரீஷியன். பிளஸ்ஸி அந்தக் காரில்தான் மார்த்தாண்டத்தில் ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குப் போய்வந்தாள். குலசேகரத்தைத் தாண்டி, ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருந்தது வீடு. அங்கே போகும் செம்மண் பாதை மழை பெய்தால் பாயசமாகிவிடும்.

ஆனி மாதம் ஒரு காலை, வண்டியை முற்றத்திலிருந்து எடுக்க அவள் ரிவர்ஸ் கியர் போட்டாள். உடனே பீ... என்று ஒரே நீட்டாக அலற ஆரம்பித்தது. பின்னால் ஒரு கோழிகூட இல்லை. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு சின்னம் மஞ்சளாக எரிந்தது. கார் படம், அதன் பின்னால் அலை அலையாகக் கோடு, அதன்மேல் ஒரு குறுக்கு வெட்டு. பின்பக்கக் கேமராவின் திரையில் முற்றத்துக்குப் பதிலாகக் காவி நிறத்தில் ஒரு கலங்கல். முதல்முறையாக, அவளாகவே அவனைக் கூப்பிட்டாள்.

"அது ஒண்ணும் இல்லட்டி," என்று சிரித்தான் எட்சன். "பின் பம்பர்ல வட்டமா நாலு பொத்தான் இருக்கில்லா, அதுதான் சென்சார். அது காதுக்குக் கேக்காத ஒரு சத்தத்த விட்டு, முட்டித் திரும்பி வாறத வச்சு தூரம் பாக்கும். மேல சேறு அப்பியிருந்தா, ஏதோ ஒரு பொருளு ஒட்டி நிக்குதுன்னு நெனச்சு அலறும். இல்லேன்னா எனக்குக் கண்ணு தெரியலன்னு அந்தச் சின்னத்தக் காட்டும். கேமராவும் கெடல்ல, கண்ணாடியில சேறு. நனஞ்ச துணி வச்சுத் தொடச்சு விடு."

துடைத்தாள். அவன் விடவில்லை.

"இனி எஞ்சின ஆஃப் பண்ணி சாவிய மட்டும் ஆன்ல வை. ஹேண்ட்பிரேக்க நல்லா இழுத்துட்டு, ரிவர்ஸ்ல போட்டுட்டு எறங்கு. ஒவ்வொண்ணுலயும் காத வச்சுப் பாரு. டிக் டிக்குன்னு மெல்லிசா கேட்டா அதுக்கு உயிரு இருக்கு."

சேற்றில் குந்தி உட்கார்ந்து, ஒரு காதைப் பம்பரிலும் மறு காதைப் போனிலும் வைத்துக்கொண்டாள் பிளஸ்ஸி. நாலும் டிக்கடித்தன. மறு காதில் அவன் மூச்சு கேட்டது. மறுபடி ஏறி ஸ்டார்ட் பண்ணி ரிவர்ஸ் போட்டபோது சின்னமும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் அவன் போனை வைக்கவில்லை. இங்கே மணல், அங்கே சேறு, இரண்டுக்கும் ஒரே வைத்தியம் என்றான். அறையில் உடன் இருக்கிறவன் குறட்டை விடுவதைச் சொன்னான். கடைசியாக, "ஒனக்க தலமுடி மணம் சில நேரம் இஞ்ச வரும், கேட்டியா," என்றான். அன்றைக்கு லேபில் அவள் ஒரு ரத்த டியூபில் பெயரை மாற்றி ஒட்டித் திட்டு வாங்கினாள். திட்டு உறைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்கக் கொண்டாட்டம்தான். பாதை தினமும் சேற்றை வாரிப் பூசும், வண்டி அலறும், பிளஸ்ஸி கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைக் கூப்பிடுவாள். அலறல் கேட்டால் லீலாபாய் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டாள். மகன் மெஷின் வேலை பார்க்கிறான், இடையில் பேசினால் கெட்டுவிடும் என்று அவளுக்கு ஒரு மரியாதை. குலசேகரத்து மெக்கானிக் ஐயப்பன்கூட ஒருநாள் பம்பரைத் துடைத்துவிட்டு, "இதுக்கு ஒர்க்ஷாப்பே வேண்டாம் அக்கா, வண்டி எடுக்க முன்ன ஒரு துணி வச்சுத் தொடச்சா மதி, அவ்வளவுதான்," என்றான். அறிவுரைக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தாள். அதன்படி நடக்க அவளுக்கென்ன பைத்தியமா?

மார்கழியில் மழை நின்றது. ஊரெல்லாம் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னது. பிளஸ்ஸி மட்டும் தினமும் வானத்தை அண்ணாந்து பார்த்தாள். பாதை காய்ந்து, பம்பர் பளபளவென்று இருந்தது. பழையபடி "சாப்பிட்டியா, வைக்கட்டா" ஆரம்பித்தது. தை மாதம் அவன் லீவில் வருவான் என்ற ஒரே தெம்பில் பொறுத்துக்கொண்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த மதியம் எட்சன் அழைத்தான். லீவு இல்லையாம். முன்னால் லீவில் போன ஆள் திரும்பி வராததால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். லீலாபாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மகன் அவளுக்கு நெடுநேரம் ஆறுதல் சொன்னான். பிறகு போன் பிளஸ்ஸியிடம் வந்தது.

"கேட்டியா?"

"ம்."

"செரி. வைக்கட்டா?"

அவள் போனை வைத்தாள். பாத்திரம் கழுவினாள். துணி மடித்தாள். சாயங்காலம் மனசு எதிலும் ஓடாமல் காரில் போய் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைக் கூப்பிட்டாள்.

"திரும்பவும் அடிக்குது," என்றாள்.

"மழையா அங்க?"

"தூறல்."

வானம் கழுவிவிட்டதுபோல் கிடந்தது. ரிவர்ஸ் போட்டாள். பாழாய்ப்போன வண்டி வாயே திறக்கவில்லை. போனைப் பக்கத்து சீட்டில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பிரேக்கை மெல்ல விட்டு, மதில்சுவரைப் பார்க்க வண்டியைப் பின்னால் இறக்கினாள். பீப். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு பீப். சுவர் நெருங்க நெருங்க அது வேகமாகி, கடைசியில் பீ... என்று ஒரே நீட்டானது. அவள் பிரேக்கை மிதித்தாள்.

"கேட்டியளா? இப்படித்தான் கெடந்து அலறுது."

"ஏட்டி," என்றான் எட்சன். "சேறு பிடிச்ச சென்சாரு எடுத்த எடுப்புலயே நீட்டா அலறும். விட்டு விட்டு அடிச்சு, பெறகு வேகம் பிடிக்காது. இது சொவரு. நீ ஒரு மொழத்துக்குள்ள நிக்க."

பிளஸ்ஸி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

"தூறலும் இல்ல, இல்லியா?"

"இல்ல." அடக்க முடியவில்லை, அழுதாள். "அம்மைக்கு அவ்வளவு நேரம் ஆறுதல் சொன்னிய. எனக்கு மட்டும் வைக்கட்டான்னு கேட்டிய. எனக்கும் ஆச இருக்காதா? நீங்க இல்லாம இந்த வீட்டுல நான் யாரு?"

பீ... என்று வண்டி அலறிக்கொண்டே இருந்தது. அதற்குள்ளிருந்து அவன் குரல் உடைந்து வந்தது.

"அம்மைக்க முன்ன வச்சு ஒன்கிட்ட என்னத்தச் சொல்லுவேன் பிளஸ்ஸி? நீ ஒரு சொட்டுக் கண்ணீரு விட்டாப் போதும், கம்பெனிகிட்ட கெடக்க பாஸ்போர்ட்டக்கூட வாங்காம எறங்கி ஓடி வந்திருவேன். அதுக்குப் பயந்துதான் வைக்கட்டான்னு கேக்கேன். எல்லா நாளும் அப்படித்தான்."

அவள் முகத்தைத் துடைத்தாள். கை தானாகவே கியருக்குப் போனது. வண்டியைச் சுவரிலிருந்து முன்னால் நகர்த்தினாள். சத்தம் நின்றது.

"எதுக்கு நிறுத்தின?" என்றான் எட்சன் பதறிப்போய். "திரும்பப் பின்னால எடு. சத்தம் நின்னா அம்மை வந்திருவா."

பிளஸ்ஸி மறுபடி ரிவர்ஸ் போட்டு, சுவரிடம் மெல்லப் போனாள். பீப்.

அதற்குள் வாசலிலிருந்து லீலாபாயின் குரல் கேட்டது: "மக்ளே, செரியாச்சா?"

"இல்ல மாமி," என்றாள் பிளஸ்ஸி. "இன்னும் செரியாவல்ல."